இடர் மதிப்பு ‘அதிகபட்ச இழப்பு’ அன்று

வணிகவியல், நிதி மேலாண்மைத் தேர்வுகளில் ஆண்டுதோறும் வரும் வினா ஒன்று உண்டு. பத்து லட்சம் ரூபாய் முதலீட்டுத் தொகுப்பு ஒன்றின் நாள்வரவு வீதத்திற்குச் சராசரி பூஜ்யம், திட்டவிலக்கம் 1.2 விழுக்காடு, இயல்நிலைப் பரவல் எனக் கொண்டு 95 விழுக்காட்டு நம்பிக்கை மட்டத்தில் ஒரு நாள் இடர் மதிப்பைக் காண்க. மாணவர் 1.645ஐ 1.2 விழுக்காட்டால் பெருக்கி, ரூ. 19,740 என்று விடை எழுதுகிறார். கணக்கு சரி. அதற்குக் கீழே அவர் எழுதும் வாக்கியமே சிக்கல்: “ஆகவே இத்தொகுப்பு ஒரு நாளில் அடையக்கூடிய அதிகபட்ச இழப்பு ரூ. 19,740.” பெரும்பாலும் அதற்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

இவ்வாக்கியம் தவறு. தவறு எண்ணில் இல்லை, மொழியில் இருக்கிறது. வேல்யூ அட் ரிஸ்க் எனப்படும் இடர் மதிப்பை இரண்டு வகையில் சரியாகச் சொல்லலாம். நூறு நாள்களில் 95 நாள்கள் இழப்பு ரூ. 19,740ஐத் தாண்டாது என்பது ஒன்று. நூறு நாள்களில் 5 நாள்கள் இழப்பு குறைந்தது ரூ. 19,740 ஆக இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் அதே எண் முதல் வாக்கியத்தில் கூரையாகவும் இரண்டாவதில் தரையாகவும் நிற்கிறது. ‘நூறு நாள்களில் 95 நாள்கள்’ என்னும் அடைமொழியை உதிர்த்துவிட்டால் எஞ்சுவது கூரை மட்டுமே. அந்த ஐந்து நாள்களில் இழப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதைப் பற்றி இடர் மதிப்பு வாய் திறப்பதே இல்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 250 வணிக நாள்கள். அவற்றில் ஐந்து விழுக்காடு என்பது பன்னிரண்டு, பதின்மூன்று நாள்கள்; மாதத்திற்கு ஒரு நாள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 50 ஒரே நாளில் ஏறக்குறைய 13 விழுக்காடு சரிந்தது. மேற்கண்ட தொகுப்பு அக்குறியீட்டைப் பின்பற்றியதாக இருந்திருந்தால் அன்றைய இழப்பு சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய். ‘அதிகபட்சம்’ என்று எழுதப்பட்டதைப் போல ஆறு மடங்குக்கு மேல்!

பங்குச் சந்தைகள் இந்த மயக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ரொக்கச் சந்தையில் தரகர்களிடமிருந்து 99 விழுக்காட்டு மட்டத்தில் கணக்கிட்ட இடர் மதிப்பு மார்ஜினை வசூலித்த பிறகும், கடும் இழப்பு மார்ஜின் என்று இன்னொரு தொகையைச் சந்தைகள் தனியே பெறுகின்றன. இடர் மதிப்பே அதிகபட்ச இழப்பு எனில் இரண்டாவது மார்ஜினுக்கு வேலையே இல்லை.

மேற்கண்ட வினாவில் இன்னொரு குறையும் உண்டு. இயல்நிலைப் பரவலை எடுத்துக்கொண்ட கணமே, சராசரி சமமாக உள்ள தொகுப்புகளுக்கு இடர் மதிப்பு என்பது திட்டவிலக்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கியது மட்டுமே. இரண்டும் தொகுப்புகளை ஒரே வரிசையில்தான் நிறுத்தும். இரண்டு அளவைகளும் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்பது மாணவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அது தெரிய வேண்டுமானால் பரவல் கோணலாக இருக்க வேண்டும். கடன் பத்திரங்கள் அதற்குப் பொருத்தமான இடம்.

ஓய்வு பெற்ற ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். சந்தையில் ஒரே தன்மையுள்ள இரண்டு நிறுவனங்களின் பத்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓராண்டுக்குள் பணத்தைத் தராமல் முறியும் நிகழ்தகவு 4 விழுக்காடு. முறிந்தால் முதல் முழுதும் போய்விடும். ஒன்றின் முறிவு மற்றதைப் பாதிப்பதில்லை. எளிமைக்காக வட்டியை விட்டுவிடலாம். முதல் வழி, இரண்டு லட்சத்தையும் ஒரே பத்திரத்தில் போடுவது. இரண்டாம் வழி, ஆளுக்கொரு லட்சமாக இரண்டிலும் பிரித்துப் போடுவது.

முதல் வழியில் இழப்பே இல்லாமலிருக்கும் நிகழ்தகவு 96 விழுக்காடு. எனவே 95 விழுக்காட்டு இடர் மதிப்பு பூஜ்யம். இரண்டாம் வழியில் இரண்டுமே தப்பிக்கும் நிகழ்தகவு 0.96 × 0.96, அதாவது 92.16 விழுக்காடு. ஒன்றாவது முறியும் நிகழ்தகவு 7.84 விழுக்காடு, இது ஐந்தைவிடப் பெரிது. எனவே இடர் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய். பிரித்துப் போட்டவரே அதிக ஆபத்தில் இருக்கிறார் என்கிறது இடர் மதிப்பு. திட்டவிலக்கமோ நேர்மாறாகப் பேசுகிறது: முதல் வழிக்கு சுமார் ரூ. 39,190, இரண்டாம் வழிக்கு சுமார் ரூ. 27,710.

இங்கே எதை நம்புவது? பூஜ்யம் என்ற விடையை ‘அதிகபட்ச இழப்பு’ என்று வாசிப்பவர், ஆயுள் சேமிப்பை ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு இழப்பே வராது என்று நம்புவார். உண்மையில் இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பில் அவர் அனைத்தையும் இழக்கிறார். அந்த 4 விழுக்காடு ஐந்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்துகொண்டதால் மட்டுமே அளவையின் கண்ணில் படவில்லை. நம்பிக்கை மட்டத்தை 97 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் முதல் வழியின் இடர் மதிப்பு பூஜ்யத்திலிருந்து இரண்டு லட்சத்துக்குத் தாவும். இரண்டாம் வழியினுடையது ஒரு லட்சத்திலேயே நிற்கும். மட்டத்தைச் சிறிது நகர்த்தியதும் விடை இப்படித் தாவினால், வாலில் ஏதோ பதுங்கியிருக்கிறது என்று அறியலாம்.

அதற்காகத் திட்டவிலக்கத்தை நீதிபதியாக்கிவிடவும் முடியாது. 4 விழுக்காட்டு நிகழ்தகவில் ஒரு லட்சம் இழக்கும் பத்திரத்திற்கும், அதே நிகழ்தகவில் ஒரு லட்சம் பரிசாகத் தரும் சீட்டிற்கும் திட்டவிலக்கம் ஒன்றே. சராசரியிலிருந்து விலகும் தூரத்தை அது அளக்கிறது; திசையை அது பார்ப்பதில்லை. இக்கணக்கில் அது சரியான பக்கத்தைச் சுட்டியது, இரண்டு வழிகளுமே இழப்பின் பக்கம் மட்டும் சாய்ந்திருப்பதால்தான்.

ஆழத்தை அறிய வேறொரு கேள்வி தேவை: மிக மோசமான ஐந்து விழுக்காட்டு நிலைகளில் சராசரி இழப்பு எவ்வளவு? முதல் வழியில் அந்த ஐந்தில் நான்கு பங்கு இரண்டு லட்சம் இழப்பு, ஒரு பங்கு பூஜ்யம், சராசரி ரூ. 1,60,000. இரண்டாம் வழியில் 0.16 பங்கு இரண்டு லட்சம், மீதி 4.84 பங்கு ஒரு லட்சம், சராசரி ரூ. 1,03,200. பிரித்துப் போட்டவரே பாதுகாப்பானவர் என்பது இப்போது தெளிவு. எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் எனப்படும் இவ்வளவையையே, வங்கிகளின் சந்தை இடருக்காக, 99 விழுக்காட்டு இடர் மதிப்பின் இடத்தில் 97.5 விழுக்காட்டு மட்டத்தில் பாசல் குழு 2016இல் வைத்தது.

எந்த அளவையும் தனக்கு ஊட்டப்பட்ட தரவைத் தாண்டிப் பேசாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் 2018இன் தொடக்கத்தில் ட்ரிபிள் ஏ தரக்குறியீடு பெற்றிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அது ‘டி’ ஆயிற்று. முறியும் வரை ஆடாத பத்திரத்தின் பழைய விலைகளிலிருந்து கணக்கிட்டால், திட்டவிலக்கமும் சிறிது, இடர் மதிப்பும் சிறிது, வால் சராசரியும் சிறிது.

ஆகவே வினா தயாரிப்போர் எண்ணோடு நின்றுவிடாமல், அவ்வெண்ணை ஒரு முழு வாக்கியமாக எழுதச் சொல்ல வேண்டும். கால அளவு, நம்பிக்கை மட்டம், எடுத்துக்கொண்ட பரவல் ஆகிய மூன்றும் இல்லாத வாக்கியத்துக்கு மதிப்பெண் கூடாது. ‘அதிகபட்ச இழப்பு’ என்று எழுதியவருக்கு, கணக்கு சரியாக இருந்தாலும், பாதி மதிப்பெண்ணே நியாயம். அவர் நாளை யாரோ ஒருவரின் ஓய்வூதியப் பணத்திற்கு ஆலோசகராக அமரும்போது, எதிரே இருப்பவர் 1.645ஐக் கேட்கப்போவதில்லை. அந்த வாக்கியத்தைத்தான் கேட்பார், அதைத்தான் நம்புவார்.