ஓடிபி வந்ததென்றால் நீதான் கொடுத்தாயா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாக வங்கிக்குப் போயிருந்தேன். அவர் கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் காணாமல் போயிருந்தது. அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "ஓடிபி போடாமல் பணம் போகாதும்மா. நீங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க" என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லல சார்" என்று அக்கா மூன்று முறை சொன்னார். அதிகாரி மூன்று முறையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவின் பணம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் போனில் பேசி ஏமாற்றுபவர்கள் ஏராளம். இதுவும் அப்படி இருக்கலாம். ஆனால் ஓடிபி பயன்படுத்தப்பட்டது என்பதாலேயே வாடிக்கையாளர்தான் கொடுத்தார் என்று முடிவு கட்டுவது தவறு. 2017 ஜனவரியில் ஜெர்மனியில் நடந்தது அதற்குச் சான்று.

அங்கே ஓ2 டெலிபோனிகா நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலரது வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திருடப்பட்டது. திருடர்கள் முதலில் அவர்களுடைய வங்கிக் கடவுச்சொல்லையும் போன் எண்ணையும் களவாடினார்கள். மீதமிருந்தது குறுஞ்செய்தியில் வரும் எண் மட்டும். அதற்காக அவர்கள் யாரையும் போனில் அழைத்துப் பேசவில்லை. தொலைபேசி வலையமைப்பையே ஏமாற்றினார்கள்.

எப்படி என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விவரம் தேவை. நாம் எந்த ஊரில் இருந்தாலும் அழைப்பும் செய்தியும் நம்மைத் தேடி வருகின்றனவே, அதற்குக் காரணம் நம் நிறுவனம் வைத்திருக்கும் ஒரு பதிவேடு. இந்த எண் இப்போது எந்த வலையமைப்பில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். நாம் வெளிநாடு போனால், அந்நாட்டு நிறுவனம் 'உங்கள் வாடிக்கையாளர் இப்போது எங்களிடம் இருக்கிறார்' என்று செய்தி அனுப்பும். உடனே பதிவேடு திருத்தப்படும். நிறுவனங்கள் இப்படித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எஸ்.7 என்று பெயர். 1970களில், தொலைபேசி நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் உருவானது. உள்ளே இருப்பவர் எல்லாரும் நம்மவர் என்பதே அதன் அடிப்படை. சொல்பவர் யார் என்று அது சோதிப்பதில்லை. இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதற்குள் இருக்கின்றன. அந்த அனுமதியைக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் திருடர்கள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வலையமைப்பு வழியே அந்தப் பொய்ச் செய்தியை அனுப்பினார்கள். பதிவேடு நம்பியது. வங்கி அனுப்பிய எண் படுக்கையருகே கிடந்த போனுக்குப் போகாமல் திருடனிடம் போனது. போனில் எந்த வைரஸும் தேவைப்படவில்லை. உரியவர் எதையும் தொடவில்லை. நிறுவனமே பின்னர் இத்தாக்குதலை ஒப்புக்கொண்டு, அந்த வெளிநாட்டு வலையமைப்பைத் தடுத்தது. இதே ஓட்டையைத்தான் டோபியாஸ் எங்கெல், கார்ஸ்டன் நோல் ஆகிய ஆய்வாளர்கள் 2014 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் மேடையேறி விளக்கியிருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது பாதிக்கப்பட்டவருக்கு ஏன் கடினம்? சிம்மை மாற்றி வாங்கி நடக்கும் மோசடியில் நம் போனில் சிக்னல் செத்துவிடும். இதில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும். உள்ளே வரும் அழைப்பும் செய்தியும் மட்டும் நின்றுபோகும். நாம் யாரையாவது அழைத்தாலோ, போனை அணைத்துப் போட்டாலோ பதிவேடு மறுபடி சரியாகிவிடும். தடயமும் நம் கையில் இருக்காது. தடயம் இருப்பது நிறுவனத்தின் பதிவுகளில். பத்து நிமிடத்துக்கு முன் மதுரையில் இருந்தவர் இப்போது இன்னொரு கண்டத்தில் இருப்பதாக வரும் செய்தியை நிறுவனம் நினைத்தால் தடுக்கலாம். அதற்கான கருவிகள் விற்பனையில் உள்ளன, செலவுதான் தடை.

2ஜி இன்னும் மோசம். அதில் போன் தன்னை வலையமைப்பிடம் நிரூபிக்கும். வலையமைப்பு தன்னைப் போனிடம் நிரூபிக்காது. ஒரு வண்டியில் போலி கோபுரத்தை வைத்து, குறியாக்கம் வேண்டாம் என்று அது உத்தரவிட்டால் போன் கேட்டுக்கொள்ளும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 2ஜியை அணைத்துவைக்க முடியும். பட்டன் போன் வைத்திருக்கும் அக்காவுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே கேள்வி, இழப்பை யார் சுமப்பது என்பதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் தெளிவாக இருந்தது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் அமைப்பின் வேறொரு இடத்தில் இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையது. 'ஓடிபி போயிருக்கிறது' என்பது மட்டும் அந்த நிரூபணம் ஆகாது.

அக்காவிடம் இதை எழுதிக் கொடுத்தேன். எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, அத்தேதியில் தன் எண்ணுக்கு இருப்பிட மாற்றம் பதிவானதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கும்படி வங்கியைக் கோரியிருக்கிறார். இம்முறை அதிகாரி மனுவை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை.