ஜல்லி குடிக்கும் தண்ணீர் யார் கணக்கில்?

வீடு கட்டும் இடத்தில் ரூஃப் கான்கிரீட் போடும் நாளன்று ஒரு சண்டை அநேகமாக நடக்கும். "மூட்டைக்கு 25 லிட்டர், அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது" என்று இஞ்சினியர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் பைக் தெருமுனை தாண்டியதும், "இன்னும் அரை வாளி ஊத்துப்பா, கலவை இழுக்கவே மாட்டேங்குது" என்று மிக்சர் பையனிடம் மேஸ்திரி சொல்வார். தண்ணீர் கூடினால் கான்கிரீட் கெட்டுவிடும் என்று எங்கேயோ படித்த வீட்டுக்காரர் பதறுவார். பழி முழுக்க மேஸ்திரி தலையில் விழும்.

கலவை இழுக்கவில்லை என்று மேஸ்திரி சொன்னது பொய்யா? பல நாட்களில் பொய்யே இல்லை. அவர் கண்டுபிடித்தது சரி, செய்த வைத்தியம்தான் தப்பு. உண்மையான குற்றவாளி அந்த 25 லிட்டர் என்கிற ஒற்றை எண். அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டிய ஒரு நிபந்தனையை யாரும் தாளில் எழுதித் தருவதில்லை.

அந்த நிபந்தனை இதுதான். ஜல்லி பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எலும்பு வரை காய்ந்த கல் அந்தத் துளைகள் நிறையும் வரை தண்ணீரைக் குடிக்கும். நிறைந்த பிறகு மேலே விழும் தண்ணீர் கல்லின் தோலில் படலமாக நிற்கும். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் தோல் உலர்ந்திருக்கிறது என்ற நடு நிலை ஒன்று உண்டு. புத்தகத்தில் அதை எஸ்.எஸ்.டி. என்பார்கள். அந்த நிலையில் உள்ள கல் கலவையிலிருந்து தண்ணீர் எடுக்கவும் எடுக்காது, கொடுக்கவும் கொடுக்காது. கலவை வடிவமைப்பில் வரும் 25 லிட்டர், ஜல்லியும் மணலும் இந்த நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

நிஜத்தில் எந்தக் குவியலும் அப்படி இருப்பதில்லை. சித்திரை வெயிலில் கிடந்த ஜல்லி கடன்காரன். ஐப்பசி மழையில் நனைந்த ஜல்லி கையில் காசோடு வந்து நிற்பவன். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது ஒரு புதுப் பாடமே இல்லை. தொடக்க இருப்பை எழுதாமல் நேராகக் கொள்முதலை எழுதினால் கணக்கு என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகிறது.

ஒரு மூட்டைக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.50. கூடவே எஸ்.எஸ்.டி. நிலையில் 97 கிலோ எம்-சாண்ட், 164 கிலோ 20 எம்.எம். ஜல்லி என்று வைத்துக்கொள்வோம். ஜல்லி காய்ந்த எடையில் 0.5 சதவீதம் தண்ணீர் குடிக்கும், எம்-சாண்ட் 2 சதவீதம் குடிக்கும் என்று சோதனையில் வந்திருக்கிறது. (இது குவாரிக்குக் குவாரி மாறும். பக்கத்து வீட்டுக்கு வந்த எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.)

முதலில் வெயில் நாள், எல்லாமே சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. ஜல்லி 0.8 லிட்டரும் மணல் 1.9 லிட்டரும் குடித்துவிடும். ஆக 2.7 லிட்டர் போச்சு. ஊற்றிய 25-ல் சிமெண்டுக்கு மிஞ்சுவது 22.3 லிட்டர். விகிதம் 0.45-க்கு இறங்கிவிடுகிறது. காகிதத்தில் இது வலிமையான கான்கிரீட்தான், ஆனால் கம்பிகளுக்கு நடுவே இறங்காது. சரியாகக் கெட்டிப்படாமல், சென்ட்ரிங் பிரித்ததும் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மேஸ்திரி அரை வாளி கேட்டது இதனால்தான். பாவம், அவருக்குத் தேவைப்பட்டது 2.7 லிட்டர். அரை வாளியில் வந்தது 6 லிட்டருக்குக் குறையாது. விகிதம் 0.57-ஐத் தொட்டுவிடும்.

இப்போது மழை நாள். இரவு முழுக்கப் பெய்திருக்கிறது. மணலில் மொத்த ஈரம் 6 சதவீதம், ஜல்லியில் 1.5 சதவீதம். அதே எடையைத்தான் நிறுத்துப் போடுகிறார்கள். குடித்தது போக மணல் தோலில் சுமார் 3.7 லிட்டரும் ஜல்லி தோலில் 1.6 லிட்டரும் உபரியாக நிற்கும். மிக்சரில் அதே 25 லிட்டரை ஊற்றினால் உள்ளே இருப்பது 30.3 லிட்டர், விகிதம் 0.61. வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, நிறுத்துப் போட்ட 97 கிலோ மணலில் 3 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். மணலும் அந்த அளவுக்குக் குறைகிறது.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. மழை நாளில் சண்டையே நடக்காது! கலவை குழம்பு மாதிரி ஓடுகிறது, மேஸ்திரிக்குச் சந்தோஷம். 25 லிட்டருக்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். இஞ்சினியரின் ஏட்டிலும் 25 என்றே பதிவாகும். அனுபவசாலி மேஸ்திரி கலவையின் பளபளப்பைப் பார்த்துத் தானே ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் குறைத்துக்கொள்வார், உண்மைதான். ஆனால் அன்றைக்குக் குறைக்க வேண்டியது ஐந்து லிட்டருக்கு மேல். "சொன்ன அளவைத்தானே ஊத்தினோம்" என்று அத்தனை பேரும் நிம்மதியாகப் போகும் அந்த நாள்தான் மோசமான நாள்.

அப்படியானால் எவ்வளவு ஊற்றுவது? கல்லில் இருக்கும் மொத்த ஈரத்திலிருந்து அது குடிக்கும் அளவைக் கழிக்க வேண்டும். மிச்சம் வந்தால் மிக்சர் தண்ணீரில் குறைக்க வேண்டும், பற்றாக்குறை வந்தால் கூட்ட வேண்டும். லேசான ஈரம் மட்டும் இருக்கும் ஜல்லி, அதாவது 0.5 குடிக்கக்கூடிய கல்லில் 0.2 சதவீதம் மட்டும் இருந்தால், இன்னும் 0.3 சதவீதத்துக்கு அது கடன்காரன்தான். தொட்டால் சில்லென்று இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன வெயில் நாளுக்கு 27.7 லிட்டர், மழை நாளுக்கு 19.6 லிட்டர் வரும். ஒரே கான்கிரீட், ஒரே மூட்டை, நடுவே எட்டு லிட்டர் வித்தியாசம். மழை நாளில் மணலை 4 கிலோ போலவும் ஜல்லியை ஒன்றரை கிலோ போலவும் கூட்டி நிறுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

"ஈரத்தை அளக்க லேபுக்கா ஓட முடியும்?" என்று கேட்கலாம். வேண்டாம். ஒரு தராசு, ஒரு வாணலி, ஒரு அடுப்பு போதும். 500 கிராம் ஈர மணலை வாணலியில் போட்டுக் கிளறி, ஆவி நின்று எடை மாறாத வரை வறுத்து நிறுத்தால் 472 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன 28 கிராமை 472-ஆல் வகுக்க வேண்டும், 500-ஆல் அல்ல. 5.9 சதவீதம் வரும். ஜல்லிக்கு இரண்டு கிலோவாவது எடுக்க வேண்டும். குவியலின் உச்சியில் மட்டும் அள்ளினால் ஏமாந்துபோவோம். மேல் காய்ந்து கிடக்கும்போது அடி சொதசொதவென்று இருக்கும். நாலு இடத்தில் தோண்டி அள்ளிக் கலந்து எடுக்க வேண்டும். குடிக்கும் அளவுக்கான சோதனைதான் லேபில் ஒரு முறை செய்ய வேண்டியது. ஜல்லியை 24 மணி நேரம் ஊறவைத்து, துணியால் மேல் பளபளப்பு போகும்வரை துடைத்து நிறுத்து, பிறகு அடுப்பில் காயவைத்து நிறுப்பார்கள். அந்தத் துடைத்த கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டால் எஸ்.எஸ்.டி. மறக்காது: நிறம் கருமையாக இருக்கும், மினுமினுப்பு இருக்காது. காய்ந்த கல்லோ வெளுத்து, தூசி பூத்துக் கிடக்கும்.

இதையும் செய்ய முடியாதவர்களுக்கு ஐ.எஸ். 456-ல் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ரொம்ப ஈரமான மணலில் எடையில் 7.5 சதவீதம், நடுத்தர ஈரத்தில் 5, லேசான ஈரத்தில் 2.5, ஈர ஜல்லியில் 1.25 முதல் 2.5 சதவீதம் மேற்பரப்புத் தண்ணீர் இருக்கும் என்று தோராயம் கொடுத்திருக்கிறார்கள். அது குடித்தது போக மிச்சம், ஆகவே மறுபடி கழிக்கத் தேவையில்லை. ரொம்ப ஈரமா, நடுத்தரமா என்பதைக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் வாணலிதான் மேல்.

இனி சர்ச்சைக்குரிய பகுதி. காய்ந்த ஜல்லிக்குக் கணக்குப் போட்டுத் தண்ணீரைக் கூட்டி ஊற்றுவதை விட, முந்தின நாள் சாயங்காலமே ஜல்லியை நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் உபரியைக் கழிப்பதே நல்லது. காரணம், சோதனையில் வந்த அளவை ஜல்லி குடிக்க 24 மணி நேரம் கொடுத்தார்கள். மிக்சர் சுற்றுவதோ இரண்டு நிமிடம். அதற்குள் கல் முழுதும் குடித்துவிடாது. கூட்டி ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி முதலில் கலவையில் உபரியாக நிற்கும். பிறகு கான்கிரீட்டை மாடிக்கு ஏற்றிக் கொட்டும் நேரத்தில் கல் மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே இளகலாக இருந்தது மேலே போகும்போது இறுகியிருக்கும், மேலே இருப்பவர் மறுபடி தண்ணீர் கேட்பார். வயிறு நிறைந்த கல்லில் இந்தத் தொல்லை இல்லை.

சாதாரண கிரானைட் ஜல்லியில் 0.8 லிட்டருக்காக இத்தனை பாடா என்றால், அந்த ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. அங்கே பெரிய குடிகாரன் எம்-சாண்ட்தான். ஆனால் பழைய கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லியில் கதை வேறு. பழைய சிமெண்ட் பூச்சு கல்லோடு ஒட்டியிருப்பதால் அது 5 சதவீதம் வரை சாதாரணமாகக் குடிக்கும். 2016-ல் வந்த ஐ.எஸ். 383, எம்25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் இதை 20 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது. நம் 164 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 33 கிலோவை மாற்றினால் அது மட்டுமே 1.6 லிட்டர் குடிக்கும். 164 கிலோ கிரானைட்டும் சேர்ந்து குடிப்பதைப் போல இரண்டு மடங்கு! இதைக் காய்ந்தபடியே மிக்சரில் கொட்டுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

நனைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸைப் பிடித்து ஜல்லியில் அடிப்பது நனைப்பது ஆகாது, அது அளவில்லாமல் மிக்சரில் ஊற்றுவதற்குச் சமம். சாயங்காலம் நனைத்து, குவியலின் அடியில் தண்ணீர் வடிய வழி விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் ஒரு வாணலி வறுவல், மதியம் வெயில் ஏறியதும் இன்னொன்று. நடுவில் மழை வந்தால் உடனே ஒன்று. வரும் எண்ணை மிக்சர் பக்கத்தில் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டால், மேஸ்திரி அரை வாளி கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் 2.7 லிட்டர் கூட்டவேண்டும் என்று வந்தால் அதை அளந்து கொடுத்துவிட வேண்டியதுதான், அவர் கேட்டது நியாயம்.