அலாட்மென்ட் கிடைச்சா சந்தோஷப்படலாமா?

"நல்ல ஐபிஓன்னா எனக்கு மட்டும் அலாட்மென்ட் வரவே மாட்டேங்குது, மொக்கை ஐபிஓன்னா உடனே வந்துடுது." ஆபீஸ் கேன்டீன்ல இந்தப் புலம்பலைக் கேட்காதவங்க இருக்க முடியாது. இதுல அதிர்ஷ்டத்துக்குப் பெரிய வேலை கிடையாது, சிஸ்டமே அப்படித்தான். ரெண்டு ஐபிஓவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2019 அக்டோபர்ல ஐஆர்சிடிசி வந்தது. விலைப் பட்டை 315 முதல் 320 ரூபாய். சுமார் 2 கோடி ஷேர்களை மத்திய அரசு விற்றது. முழுக்க 'ஆஃபர் ஃபார் சேல்' என்பதால், பணம் அரசுக்குத்தான் போனது, கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மொத்தம் 100 மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்தது. முதல் நாள் முடிவில் விலை சுமார் 728. அரசுக்குக் கிடைத்தது 640 கோடி போல. ஆனால் அன்று மாலை விலையை வைத்துப் பார்த்தால் கைவிட்டுப் போனது 800 கோடிக்கு மேல். பிரைமரி மார்க்கெட்டுக்கும் செகண்டரி மார்க்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பளிச்சுனு தெரியும். விற்பவருக்குப் பணம் வருவது 320-ல் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஏறினது எல்லாம் ஷேரைக் கையில வெச்சிருந்தவங்களுக்கு.

அப்போ ஏன் 320? புக் பில்டிங்னா, பெரிய முதலீட்டாளர்கள் எந்த விலைக்கு எவ்வளவு கேட்கிறாங்கன்னு ஒரு 'புக்'ல பதிவாகி, அதிலிருந்து விலை பிறக்கணும். படிக்க அழகா இருக்கு. ஆனா 315-320ன்னு அஞ்சு ரூபாய் இடைவெளி கொடுத்தா அதுல என்ன விலை பிறக்கும்? எல்லோரும் 320-லயே கேட்பாங்க. 500 கொடுக்கத் தயாரா இருக்கிறவர்கூட அதைச் சொல்ல வழியில்லை. நம்ம ஊர்ல புக் பில்டிங் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவான விலைக்கு எவ்வளவு கூட்டம் வருதுன்னு எண்ணிப் பார்க்கிற வேலைதான் என்பது என் கருத்து.

சரி, விலை குறைவா இருந்தா நமக்கு லாபம்தானே? இங்கதான் சிக்கல். ரீடெய்ல் பகுதிக்கு மட்டும் 14 மடங்குக்கு மேல் விண்ணப்பம். எல்லோரும் ஒரே ஒரு லாட் கேட்டதா வெச்சுக்கிட்டா, குலுக்கலில் 14 பேருக்கு ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். ரீடெய்லுக்கு 10 ரூபாய் தள்ளுபடி போக 310-க்கு 40 ஷேர். முதல் நாள் முடிவில் லாபம் சுமார் 16,700. அதை 14-ஆல் வகுத்தால், ஒரு விண்ணப்பத்தின் சராசரி மதிப்பு 1,200 ரூபாய்.

அடுத்து 2021 நவம்பர், பேடிஎம். விலை 2,150, லாட் 6 ஷேர், ஆக 12,900 ரூபாய். ரீடெய்ல் பகுதி 1.66 மடங்குதான் நிரம்பியது, அதனால சுமார் 60 சதவீத வாய்ப்பு. முதல் நாள் முடிவில் விலை 1,560 பக்கம். ஒரு லாட்டுக்கு 3,540 நஷ்டம், வாய்ப்பால் பெருக்கினால் 2,100.

ரெண்டுக்கும் தவறாம அப்ளை செய்தவருக்குச் சராசரியா 900 ரூபாய் நஷ்டம். ஆனா ரெண்டு ஐபிஓவின் முதல் நாள் ஏற்ற இறக்கத்தைக் கூட்டி வகுத்தால், ஒன்று 128 சதவீதம் மேலே, மற்றது 27 சதவீதம் கீழே, சராசரி அமோக லாபம்! "ஐபிஓக்கள் சராசரியா இவ்வளவு கொடுத்திருக்கு"ன்னு வீடியோ தம்ப்நெயில்ல வர்ற நம்பர் இந்த ரெண்டாவது சராசரிதான். நமக்குக் கிடைப்பது முதல் சராசரி. (ரெண்டே உதாரணம்தான், இதை வெச்சு எல்லா ஐபிஓவுக்கும் நஷ்டம்னு சொல்ல வரலை.)

கெவின் ராக் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986-ல் இதைத்தான் விளக்கினார். விஷயம் தெரிந்தவர்கள் நல்ல வெளியீட்டில் மட்டும் முண்டியடிப்பாங்க, மோசமானதில் ஒதுங்கிடுவாங்க. விஷயம் தெரியாதவருக்கு நல்லதில் துளி, மோசமானதில் முழுசு. சரியான விலையே வைத்தால்கூட இவர் நஷ்டப்பட்டு மார்க்கெட்டை விட்டே போயிடுவார். அவர் இல்லாம வெளியீடுகள் நிரம்பாது. அதனால சராசரியா விலையைக் கொஞ்சம் குறைச்சு வைக்க வேண்டியிருக்கு. அதாவது அந்தத் தள்ளுபடி நமக்கு மொக்கை அலாட்மென்ட் விழுவதற்கான நஷ்ட ஈடு.

இதைக் கொஞ்சமாவது சமாளிக்க ஒரு வழி இருக்கு. முதல் நாளே அவசரப்பட்டு அப்ளை பண்ணாதீங்க. குலுக்கல்ல முதல் நாள் விண்ணப்பத்துக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. கடைசி நாள் மதியம் எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் பிரிவு வாரியா நிலவரத்தைப் பாருங்க. பேடிஎம்ல நிறுவனம் சாராத பெரிய முதலீட்டாளர் பகுதி கடைசிவரை கால் பங்குகூட நிரம்பலை. ஐஆர்சிடிசில அதே பகுதி 300 மடங்கைத் தாண்டியது. பிடிச்ச கம்பெனியா இருந்து அலாட்மென்ட் வரலைன்னா, லிஸ்டிங்குக்கு அப்புறம் செகண்டரி மார்க்கெட்ல குலுக்கல் இல்லாம வாங்கலாம். பேடிஎம்மை முதல் நாள் காலையிலேயே என்எஸ்இல 1,950-க்கு வாங்க முடிஞ்சது. அலாட்மென்ட் கிடைச்சவரைவிட 200 ரூபாய் கம்மி.