இரண்டு பட்டம், ஒரே மேசை

எதிர்வீட்டுப் பேத்தி போன மாதம் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றாள். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல விண்ணப்பமெல்லாம் எழுதினவரு. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். உள்ளே அவளுடைய பயோடேட்டா. பி.எஸ்சி. வேதியியல், அடுத்து எம்.ஏ. தமிழ். இரண்டிலும் நல்ல மதிப்பெண். இரண்டு நேர்முகத்துக்குப் போய்வந்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, "ஏம்மா அதை விட்டுட்டு இதுக்கு வந்தே?" என்பதுதான். "ஆர்வம் சார்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் அதிகம் கேட்கவில்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். மேலே வேதியியல் ஒரு பத்தி, கீழே தமிழ் ஒரு பத்தி. நடுவில் ஒரு வெற்றிடம். கடைசியில் 'ஆர்வங்கள்' என்று கோலம், கவிதை, சமையல். படிக்கிறவனுக்கு இரண்டு அரை ஆட்கள் தெரிகிறார்கள், ஒரு முழு ஆள் தெரியவில்லை.

நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உன் இரண்டு படிப்பும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற பொருள் எது? வேலையின் பெயர் வேண்டாம், கையால் தொடுகிற பொருளைச் சொல்." யோசித்தாள். வரவில்லை. எனக்கு வந்தது, ஏனென்றால் நான் பழைய பதிவேடுகளோடு பல வருஷம் குப்பை கொட்டியவன்.

எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல பக்கங்களில் எழுத்து பழுப்பேறியிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்திலும் அதே எழுத்தின் நிழல் பழுப்பாகத் தெரியும். இன்னும் மோசமான பக்கத்தில் எழுத்து இருந்த இடம் அப்படியே உதிர்ந்து ஓட்டையாகிவிடும். பூச்சி அரித்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மை அரித்தது அது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை. அதில் இருக்கும் அமிலமும் இரும்பும் காகிதத்தை உள்ளிருந்து தின்கின்றன. ஈரத்துணியால் துடைத்தால் இரும்பு பரவி, நல்ல இடமும் கெடும். எங்கள் அறையில் ஒருவர் அப்படித்தான் அக்கறையாகத் துடைத்து வைத்தார், பாவம்.

இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அன்னபேதி என்றால் இரும்பு சல்பேட் என்று அவளே சொன்னாள். "அப்போ ஓலைச்சுவடி?" என்று கேட்டாள். அங்கிருந்து பேச்சை அவளே எடுத்துக்கொண்டாள்.

சுவடியில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் மேலே உள்ளது போய், பள்ளத்தில் உள்ளது நிற்கும். பழைய சுவடி மங்கிப்போனால் இன்றும் இப்படித்தான் மறுபடி மை ஏற்றுகிறார்கள். ஓலை வறண்டு உடையாமலிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதுண்டு. கரி எந்தத் திரவத்திலும் கரையாது. ஆனால் அதைப் பள்ளத்தில் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை சாராயத்தில் இளகும், அழுத்தித் துடைத்தால் கரி வெளியே வந்துவிடும். இதுவரை வேதியியல்.

சிக்கல் இதற்குப் பிறகு. கரி எழுத்தில் மட்டும் ஏறாது. பூச்சித் துளையிலும் ஏறும், பழைய கீறலிலும் ஏறும். சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். கொம்பில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே உருவம். அப்படியிருக்க, புதிதாகக் கருத்துத் தெரிகிற ஒரு கோடு எழுத்தா, கீறலா? அது கால் என்றால் சொல் ஒன்று, இல்லையென்றால் சொல் வேறு. செய்யுளாக இருந்தால் சீரும் தளையும் பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அது தமிழ் படித்தவள் வேலை. மை ஏற்றுகிறவர் ஒருவர், படிக்கிறவர் இன்னொருவர் என்றால், இவர் சந்தேகம் அவருக்குத் தெரியாது. ஒரே ஆளாக இருந்தால், எந்த இடத்தில் துடைக்காமல் நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

பிறகு பயோடேட்டாவைத் திருத்துவது அரை மணி வேலைதான். முதல் வரியில் பட்டங்களை எழுதவில்லை. பழைய ஓலை, காகிதச் சுவடிகளின் மையும் எழுத்தும் பற்றிய வேலையைத் தேடுகிறேன், பொருளின் தன்மைக்கு வேதியியலும் வாசிப்புக்குத் தமிழும் படித்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியம். அதன் கீழே இரண்டு பட்டங்களிலிருந்தும் இதற்கு உதவுகிற பாடங்கள் மட்டும். அமில காரச் சோதனை, யாப்பு, சுவடியியல். மற்றதெல்லாம் பாடப் பட்டியலில் இருக்கட்டும். கோலமும் சமையலும் போயின. அவள் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் ஒரு வைத்தியச் சுவடிக் கட்டு இருந்தது. அதில் நான்கு ஓலையைத் துடைக்காமல், எதுவும் தடவாமல், பகல் வெளிச்சத்தில் பார்த்துப் படியெடுக்கச் சொன்னேன். எந்த எழுத்தில் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று பக்கத்தில் குறிப்பு. அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்தோம்.

'சுவடிப் பாதுகாப்பு வல்லுநர்' என்று போடலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது என்றேன். வேதியியல் பட்டம் அந்தப் பயிற்சி ஆகாது. கேட்கிறவருக்கு இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

இதைக் கேட்ட என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒத்துக்கொள்ளவில்லை. "என்னப்பா இது? எம்.எஸ்சி. இடம் கிடைக்காமல்தான் அந்தப் பெண் தமிழுக்குப் போனாள். இப்போது திட்டம் போட்டுப் படித்த மாதிரி கதை கட்டுகிறாயே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கதை கட்டச் சொல்லவில்லை. ஏன் மாறினாய் என்று கேட்டால், "இடம் கிடைக்கவில்லை, அதனால் தமிழ் எடுத்தேன், பிடித்துப்போயிற்று" என்று உள்ளதைச் சொல்லட்டும். அது ஒரு வாக்கியத்தில் முடியட்டும். இரண்டாவது வாக்கியம் சுவடிக்குப் போகட்டும். நேற்றைக்குத் திட்டம் இல்லாததால் இன்றைக்கு அந்த அறிவு பொய்யாகிவிடாது. சிதறிய ஆர்வம் என்று பெயர் வாங்குவது, பட்டம் இரண்டு இருப்பதால் இல்லை, இரண்டும் சேரும் இடத்தை விண்ணப்பிக்கிறவரே காட்டாததால்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் அவளிடம் சொன்னேன். அரசுத் தேர்வுக்கு அறிவிப்பில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்று போட்டிருந்தால் இரண்டாவது பட்டத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகவேண்டியதுதான். மருந்துக் கம்பெனி சோதனைச்சாலை வேலைக்கும் சுவடிக் கதை வேண்டாம், தமிழ் ஒரு வரியில் இருந்தால் போதும். நானே பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழ், ஆங்கிலக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தவன். பழைய பத்திரம் ஒன்று மேசைக்கு வரும் நாளில் மட்டும் என் பிரெஞ்சுக்கு மரியாதை, மற்ற நாளில் நான் சாதாரண கிளார்க்.

போன வாரம் ஒரு சுவடி மின்பதிவுத் திட்டத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். ஏன் மாறினாய் என்று இந்த முறையும் கேட்டிருக்கிறார்கள். பிறகு அந்த நான்கு ஓலையின் படியை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவது வரியில் உள்ளது காலா, ரகரமா என்று அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள். ஆறு மாதத் தற்காலிக வேலை, சம்பளம் சுமார்தான். தலைமையாசிரியர் நேற்று வந்தார். பரணில் அவர் அப்பா வைத்திருந்த கட்டு ஒன்று கிடக்கிறதாம், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் வரச்சொல்ல முடியுமா என்று கேட்டார். அதுவரை யாரும் துடைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.