புகும் வாயிலும் போகும் வாயிலும்

பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு மொழி தேவையில்லை; கொடுப்பதை நிறுத்துவதற்கே மொழி தேவைப்படுகின்றது. கணக்கு எண்ணை எழுதத் தெரிந்த எவரும், தாம் படிக்கமாட்டாத ஒரு வலைத்தளத்தில், திங்கள்தோறும் பணம் செல்லும் ஒப்பந்தத்திற்குள் ஒரு நொடியில் நுழைந்துவிடலாம். வெளியேற முற்படும்போதுதான் பக்கம் பக்கமாய் நெறிமுறைகளும், கால வரம்புகளும், வழிமறிக்கும் வினாக்களும் எதிர்நிற்கும். அவை அனைத்தும் அயன்மொழியில் இருக்குமாயின், படிக்கமாட்டாதவர் தம் பணத்தைத் தாமே மீட்கமாட்டாதவராய்த் திகைப்பர்.

இத் திகைப்பைச் செருமனியில் வாழும் ஈழத்தமிழர் பலர் அறிவர். 1980களில் ஏதிலியராய் அங்குச் சென்ற மக்களுள்ளும், பின்னர் மணம்புரிந்தும் பெற்றோராயும் அவர்களிடம் சென்று சேர்ந்தோருள்ளும், கடையிலும் தொழிலிடத்திலும் செருமானியம் பேச வல்லவராயினும் ஒப்பந்த நெறிமுறைகளைப் படிக்க இயலாதார் உளர். உடற்பயிற்சிக் கூடம், தொலைபேசி, திரைப்படத் தளம், இதழ் என எதுவாயினும், நின்றுபோன பயனுக்கு நில்லாமற் பணம் செல்வது ஒரு பெருங்குடைச்சலாகும். அந் நாட்டுச் சட்டமோ, படிக்கமாட்டாதவரும் கண்டுகொள்ளத்தக்க ஓர் அடையாளத்தை நாட்டி வைத்துள்ளது. அதனை அறிந்தார் தப்புவர், அறியார் கட்டிக்கொண்டேயிருப்பர்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். பணம் செல்வது வேறு; ஒப்பந்தம் உயிரோடிருப்பது வேறு. நிறுவனம் தானே கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் முறை ஐரோப்பாவில் பெருவழக்காகும். அவ்வாறு எடுக்கப்பட்ட தொகையை, எட்டு வாரத்திற்குள் காரணம் எதுவும் கூறாமலே வைப்பகத்தின் வழியாய்த் திரும்பப் பெறலாம். இசைவு கொடுக்காமலே எடுக்கப்பட்டதாயின் பதின்மூன்று திங்கள் வரையில் அவ்வுரிமை உண்டு. வைப்பகத்தின் செயலி பழகிய மொழியில் இருத்தலின், படிக்கத் தெரியாத தளத்தோடு போராடுவதை விடுத்து, பலர் இவ்வழியையே நாடுகின்றனர். பணம் திரும்பி வந்ததும் வேலை முடிந்ததென்று மகிழ்கின்றனர். ஆனால் முடிந்தது பணம் செல்வது மட்டுமே, கடன் முடியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. ஒரு பெண்மணி 2023 மார்ச்சு 10 அன்று ஒரு பயிற்சித் தளத்தில், திங்களுக்கு 25 யூரோ வீதம் ஓராண்டு ஒப்பந்தம் செய்கின்றார் என்று கொள்க. 2024 செப்தம்பரில் அது தேவையில்லையென முடிவு செய்து, வைப்பகத்தின் வழியாய் அத் திங்களின் 25 யூரோவைத் திரும்பப் பெறுகின்றார். நிறுவனத்திற்கு ஒன்றும் எழுதவில்லை. நிறுவனத்தின் ஏட்டிலோ அவர் ஒப்பந்தம் நீடிக்கின்றது. பணம் கொடாத குற்றம் மட்டும் புதிதாய்ச் சேர்கின்றது. ஆகவே அக்தோபரில் மேலும் 25, நவம்பரில் மேலும் 25 எனக் கடன் ஏறும். பணம் திரும்பியதற்காக வைப்பகம் பெற்ற கட்டணமும் அவர் தலையிலேயே விழும். நினைவூட்டு மடல்கள் வரும். அவையும் அவர் படிக்கமாட்டாத மொழியிலேயே வரும். விளம்பரமென்று கருதி அவற்றை ஒதுக்கினால், கடன் தண்டும் நிறுவனத்திடமிருந்து அதன் கூலியையும் சேர்த்த மடல் வரும். அட்டையை மாற்றினாலும் கணக்கை மூடினாலும் இது மாறாது. கதவைப் பூட்டுவதால் கடன் தீர்வதில்லை.

ஆகவே ஒப்பந்தத்தை முடிப்பதே முதல் வேலை. அதற்குரிய வாயிலைத்தான் செருமானியச் சட்டம் 2022 சூலை 1 முதல் கட்டாயமாக்கியுள்ளது. எந்தத் தளத்தில் நுகர்வோர் இத்தகைய தொடர் ஒப்பந்தத்தைச் செய்யக்கூடுமோ, அந்தத் தளத்திலேயே அதனை முடிப்பதற்கான பொத்தானும் எந்நேரமும் எளிதில் எட்டும்படி இருத்தல் வேண்டும். அதன்மீது எழுதவேண்டிய சொற்களையும் சட்டமே வரையறுத்தது: Verträge hier kündigen என்பன அவை. 'ஒப்பந்தங்களை இங்கு முடிக்க' என்பது அவற்றின் பொருள். அதனை அழுத்தினால் ஒரு படிவம் வரும். பெயர், மின்னஞ்சல் முகவரி, எந்த ஒப்பந்தம், எந்நாள் முதல் என்பனவற்றை நிரப்பியபின் அடியில் இரண்டாம் பொத்தான் இருக்கும். அதன்மீது jetzt kündigen, அஃதாவது 'இப்பொழுதே முடிக்க' என எழுதப்பட்டிருக்கும். இவ்விரண்டாவதை அழுத்தினால்தான் செயல் நிறைவுறும். முதலாவதை மட்டும் அழுத்திவிட்டு முடிந்ததென்று எழுந்து போவோரும் உளர்.

மொழி அறியாதார்க்கு இதன் பயன் யாதெனின், பொருள் விளங்காவிடினும் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பதே. அச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தளத்தின் அடிவரிகளில் தேடினால் பெரும்பாலும் அங்குக் கிட்டும். இவற்றுக்கு ஈடான ஐயமற்ற வேறு தொடரையும் சட்டம் ஏற்கின்றது. ஆதலின் முழுத் தொடரும் ஒத்துவராவிடின், u என்னும் எழுத்தின் தலைமேல் இரு புள்ளியுடைய kündigen அல்லது Kündigung என்னும் சொல்லைத் தேடுதல் வேண்டும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே புகுந்தால்தான் இப் பொத்தானைக் காட்டுவோம் என்பது செல்லாதென அந்நாட்டு முறைமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. கடவுச்சொல்லை மறந்தவரும் வெளியேற உரிமையுடையவரே. பொத்தான் வைக்காத நிறுவனத்தின் ஒப்பந்தத்தையோ, நுகர்வோர் முன்னறிவிப்புக் காலம் எதுவுமின்றி எந்நாளிலும் முடிக்கலாம்.

இங்கு ஒரு கண்ணியும் உண்டு. போகின்றவரைத் தடுப்பதற்காகக் குறைந்த விலையும் புதுச் சலுகையும் காட்டும் பக்கங்கள் நடுவே தோன்றலாம். படிக்கமாட்டாதவர் பெரிய பொத்தானை அழுத்திச் செல்வது இயல்பு. அவ்வாறு அழுத்துவதற்கு முன், அதன்மீது zahlungspflichtig bestellen என்று உள்ளதாவெனப் பார்த்தல் வேண்டும். 'பணம் செலுத்தும் கடப்பாட்டுடன் வாங்குக' என்பது அதன் பொருள். 2012 ஆகத்து 1 முதல், வலைத்தளத்தில் விலைக்கு வாங்கும் பொத்தானின்மீது இவ்வாறோ இதற்கு ஈடாகவோ தெளிவாக எழுதுதல் சட்டக் கடமையாகும். இச் சொற்கள் புகும் வாயிலின்மேல் எழுதப்பட்டவை; kündigen என்பது போகும் வாயிலின்மேல் எழுதப்பட்டது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்பவர் பழைய ஒப்பந்தம் நிற்கப் புதியதொன்றிலும் சிக்குவர்.

ஒப்பந்தம் எந்நாளில் முடியும் என்பதையும் அறிதல் வேண்டும். 2022 மார்ச்சு 1 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களில், முதற்காலம் கழிந்தபின் மீண்டும் ஓராண்டுக்குத் தானே நீளும் பழைய வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. முதற்காலத்தின் பின் ஒரு திங்களுக்கு மேற்படாத முன்னறிவிப்புடன் எந்நாளிலும் முடிக்கலாம். மேலே கூறிய பெண்மணி 2024 செப்தம்பர் 5 அன்று பொத்தானை அழுத்தியிருந்தால், அக்தோபர் 5க்குள் ஒப்பந்தம் முடிந்திருக்கும். இடையில் உரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் கடனின்றி விலகியிருப்பார். ஓராண்டின் நடுவே, 2023 ஆகத்தில் அழுத்தியிருந்தாலோ, முதலாண்டு நிறையும் 2024 மார்ச்சில்தான் அது முடிந்திருக்கும். படிவத்தில் நாளைக் குறிக்கத் தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாய் விடலாம். ஐயம் நேரின், இயலுமாறு மிக விரைவில் முடியும் நாளையே சட்டம் கொள்கின்றது.

அழுத்தியபின் சான்று வேண்டும். முடித்ததற்கான அறிவிப்பை, நாளும் நேரமும் விளங்க, நுகர்வோர் சேமித்துக்கொள்ள நிறுவனம் வழிசெய்தல் வேண்டும். அது கிட்டியதையும் ஒப்பந்தம் முடியும் நாளையும் உடனே மின்னஞ்சல் போன்றதொரு வழியில் உறுதிப்படுத்தலும் வேண்டும். அம் மடல் வாராவிடின் வேலை முடிந்ததென்று கருதற்க. அப்பொழுது Hiermit kündige ich meinen Vertrag zum nächstmöglichen Zeitpunkt. என்னும் ஒரே வரியைப் பெயருடனும் ஒப்பந்த எண்ணுடனும் மின்னஞ்சலில் விடுத்தால் போதும். 'இயன்ற அடுத்த நாளிலிருந்து என் ஒப்பந்தத்தை இதனால் முடிக்கின்றேன்' என்பதே அவ்வரி. 2016 அக்தோபர் 1க்குப் பின் செய்த இத்தகைய நுகர்வோர் ஒப்பந்தங்களில், கையொப்பமிட்ட தாள்தான் வேண்டுமென நிறுவனத்தின் நெறிமுறை வற்புறுத்த இயலாது. எனினும் மடல் சென்று சேர்ந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு விடுத்தவருடையதே; ஆகவே மறுமொழி வாராதவிடத்துப் பதிவஞ்சல் நன்று. ஒப்பந்தம் முடிந்த நாளுக்குப் பின்னும் பணம் எடுக்கப்பட்டால், அப்பொழுது வைப்பகத்தின் வழி திரும்பப் பெறுக. முதலில் அழிவாயிருந்த அதே செயல், முடிவில் காவலாகின்றது. வேறுபாடு வரிசைமுறையில் மட்டுமே உள்ளது.

இவ்வாயிலுக்கு எல்லையும் உண்டு. வீட்டு வாடகை, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றிற்கு இப் பொத்தான் பொருந்தாது. வைப்பகம், காப்புறுதி போன்ற பணத்துறைத் தளங்களும் இதற்கு விலக்கு. அவற்றிற்குப் படித்தறிந்தவர் துணையோடு மடல் எழுதுவதே வழியாகும்.

இனி, தமிழகத்தை நோக்குக. இந்திய நடுவணரசின் நுகர்வோர் காப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வெளியேற வழியை மறைத்துக் கட்டணத்திற் சிக்க வைப்பதைத் தவறென்று பெயர் சுட்டிக் கூறுகின்றன. நன்று. ஆனால் வாயிலின்மேல் என்ன சொல், எந்த மொழியில் எழுதப்படல் வேண்டுமென அவை வரையறுக்கவில்லை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து பணத்தைப் பெறும் தளங்களிலும் வெளியேறும் சொல் தமிழில் இருப்பது அரிதாகவே உள்ளது. செருமானியர் தம் சட்டத்தில் ஒருசில சொற்களைத் தம் மொழியில் அறைந்து நிறுத்தினர். அம்மொழி அறியாத ஈழத்தமிழர்க்கும் அச் சொற்கள் கைவிளக்காயின. 'ஒப்பந்தத்தை இங்கு முடிக்க', 'இப்பொழுதே முடிக்க' என்னும் இரண்டு தொடர்களைத் தமிழகத்தில் பணம் தண்டும் ஒவ்வொரு தளத்தின்மீதும் தமிழில் எழுதுவிப்பது பெருஞ்செலவன்று; ஒரு சட்டவரியே அதற்குப் போதும். அவ்வரியைக் கேட்டுப் பெறுதல் தமிழகத்து நுகர்வோர் அமைப்புகளின் கடமையாகும்.