ஞாயிறு மாலையில் ஓர் அரைமணி நேரம்

நீரிழிவு நோயாளிகள் பலர் இரத்தச் சர்க்கரை அளவை ஒழுங்காகவே குறித்து வைக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பேட்டை மருத்துவரைக் காணச் செல்லும் நாளில்தான் மீண்டும் திறக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் எச்பிஏ1சி சோதனை, அந்த மூன்று மாதங்களின் பொதுநிலையைத்தான் சொல்லும். எந்த நாளில், எந்த வேளையில் பிசகு நேர்ந்தது என்று அது காட்டாது. அதைக் காட்டவல்லது வீட்டுக் குறிப்பேடே. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, வீடு அமைதியாக இருக்கும் மாலையொன்றில், நோயாளியும் அவரைப் பேணுபவரும் சேர்ந்து அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

படிக்கும் முறையில்தான் பயன் அடங்கியிருக்கிறது. நாள்வாரியாகக் குறுக்கே படித்தால், நல்ல நாள், கெட்ட நாள் என்ற மனக்குறை மட்டுமே மிஞ்சும். வேளைவாரியாக மேலிருந்து கீழே படித்தால் காரணம் புலப்படும். எடுத்துக்காட்டாக, வெறும் வயிற்றில் 130க்குள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கும் ஓர் அம்மையாரின் ஒரு வாரக் காலை அளவுகளைப் பார்ப்போம். திங்கள் 118, செவ்வாய் 124, புதன் 171, வியாழன் 121, வெள்ளி 166, சனி 127, ஞாயிறு 178. இவற்றின் சராசரி ஏறத்தாழ 144. சராசரியை மட்டும் பார்த்தால் வாரம் முழுவதும் சற்றுக் கூடுதல் என்றே தோன்றும். உண்மையில் நான்கு நாள்கள் சரியாக இருந்தன. மூன்று காலைகளில்தான் உயர்வு.

இனிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த மூன்று காலைகளுக்கு முந்திய இரவுகளில் நடந்தது என்ன? செவ்வாய், வியாழன், சனி இரவுகளில் மகன் பணியிலிருந்து தாமதமாக வருகிறான். அவனுக்காகக் காத்திருந்து, வழக்கமாக எட்டு மணிக்கு உண்பவர் பத்து மணிக்கு உண்கிறார். உடனே உறங்கச் செல்கிறார். காரணம் இதுவாக இருக்கலாம். உறுதி செய்ய அடுத்த வாரம் இருக்கிறது.

அடுத்த வாரத்துக்கான இலக்கை எண்ணாக எழுதலாகாது. ‘காலைச் சர்க்கரையை 130க்குக் கீழே கொண்டுவர வேண்டும்’ என்பது விருப்பம். அதை எவரும் நேரடியாகச் செய்துவிட முடியாது. ‘செவ்வாய், வியாழன், சனி மூன்று இரவும் எட்டு மணிக்கு உண்பேன், மகன் வந்ததும் உடன் அமர்ந்து பேசுவேன்’ என்பது செயல். செய்தோமா இல்லையா என்று அடுத்த ஞாயிறன்று ஐயமின்றிச் சொல்லலாம். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றமே போதும். நடை, உணவு, உறக்கம் மூன்றையும் ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது. இரவு உணவை ஒட்டி இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், உணவு நேரத்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்ணும் நேரம் சீரான பின்னும் அந்தக் காலைகளில் அளவு குறையவில்லை என்றால், அது மருந்தைப் பற்றிய கேள்வியாகிறது. அதற்குமுன் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு இரண்டு வீதம் வாரத்துக்கு எடுத்து வைத்த பதினான்கில் இரண்டு மிஞ்சியிருந்தால், மருந்து போதவில்லை என்று சொல்வதற்கு முன் அந்த இரண்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். மருந்தின் அளவை வீட்டிலேயே கூட்டவும் குறைக்கவும் கூடாது. அந்த முடிவு மருத்துவருடையது. அதற்கான சான்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது.

ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. அளவு 70க்குக் கீழே இறங்கினால், உணர்வு தெளிவாக இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அன்றே மருத்துவமனைக்கும் தெரிவிக்க வேண்டும். உணர்வு மங்கியவருக்கு வாயில் எதுவும் புகட்டாமல் உடனே அழைத்து வர வேண்டும். அளவு 300ஐத் தாண்டி வாந்தியும் இருந்தால் அப்போதும் தாமதம் கூடாது.

இறுதியாக, பேணுவோருக்கு ஒரு சொல். எழுதுகோல் நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். ‘ஏன் உயர்ந்தது?’ என்று வினவுவதைவிட ‘முந்திய இரவு எத்தனை மணிக்கு உண்டோம்?’ என்று வினவுங்கள். குற்றம் சாட்டப்படும் வீட்டில் அளவுகள் குறைத்து எழுதப்படும்; குறைத்து எழுதப்பட்ட ஏட்டை நம்பி மருத்துவர் தரும் மருந்து பிழையாகிவிடும். கருவியின் நினைவில் உள்ள எண்ணும் ஏட்டில் உள்ள எண்ணும் வேறுபடக் கண்டால், ஏட்டைத் திருத்துவதற்கு முன் நாம் பேசும் முறையைத் திருத்திக்கொள்வதே முறை.