‘வேண்டியதில்லை’ வேறு, ‘வேண்டாம்’ வேறு

சட்டத் தமிழ் கரடுமுரடாகத்தான் இருக்கும், அதை இளக்கினால் பொருள் கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். புரியாத தமிழில் பொருள் பத்திரமாக இருப்பதாக அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒரேயொரு பந்தியை எடுத்து அந்த நம்பிக்கையைச் சோதிப்போம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைக் கைது செய்யும்போது பொலிஸ் சொல்லும் எச்சரிக்கை மூன்றே வாக்கியங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழைய எச்சரிக்கையை மாற்றி, மௌனத்துக்கும் ஒரு விலை வைத்தது. சட்டத் தமிழில் பழகிய கை அதை மொழிபெயர்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

“நீங்கள் எதனையும் கூற வேண்டியதில்லை. ஆயினும், பின்னர் நீதிமன்றத்தில் நீங்கள் தங்கியிருக்கும் ஏதேனுமொன்றை விசாரணையின்போது குறிப்பிடத் தவறின், அது உங்கள் பாதுகாப்பிற்குத் தீங்கு விளைவிக்கலாம். நீங்கள் கூறும் எதுவும் சாட்சியமாக அளிக்கப்படலாம்.”

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் லண்டனில் பிறந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு நீதிமன்றத்தில் ‘தங்கியிருப்பது’ என்றால் அங்கே படுத்து எழும்புவதுதான். இதைச் சிரித்துவிட்டு விடலாம். ‘பாதுகாப்பிற்குத் தீங்கு’ என்பதை அப்படி விட முடியாது. மூலத்தில் இருப்பது வழக்கில் ஒருவர் தன் பக்கத்துக்காகச் சொல்லும் வாதம். தமிழில் அது உயிர்ப் பாதுகாப்பாகிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் எச்சரிக்கையைப் பொறுப்பான ஒரு பெரியவர் முன்னிலையில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது தாயோ தகப்பனோதான். சீருடைக்காரர் முன்னால் பேசாவிட்டால் உங்கள் பாதுகாப்புக்குத் தீங்கு வரும் என்று கேட்கும் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் என்ன செய்வாள்? “எல்லாத்தையும் சொல்லு ராசா” என்று பிள்ளையை உலுக்குவாள். பேசாதிருக்கும் உரிமை அந்த இடத்திலேயே போய்விடும்.

எளிமைப்படுத்துகிறேன் என்று வருபவர்களும் சளைத்தவர்களல்லர். அவர்கள் முதலில் கைவைப்பது ‘வேண்டியதில்லை’யில். ‘நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதிவிட்டு, பேச்சுத் தமிழ் வந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். முன்னது கட்டாயம் இல்லை என்கிறது; பின்னது வாயை மூடு என்கிறது. ஓர் உரிமை கட்டளையாக மாறிவிட்டது. ‘விளைவிக்கலாம்’ என்பதை ‘விளைவிக்கும்’ என்று ஆக்குவது அடுத்த திருத்தம். அங்கே நடக்கக்கூடிய ஒன்று நிச்சயமாகிவிடுகிறது. மௌனத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை இவர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“நீங்கள் பேசித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது பொலிஸ் உங்களிடம் கேள்வி கேட்கும். பிறகு வழக்கு நடந்து, உங்கள் பக்க நியாயமாகக் கோர்ட்டில் ஒரு விஷயத்தைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்று கேட்டபோது சொல்லாமல் விட்டிருந்தால், ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?’ என்று கோர்ட் யோசிக்கக்கூடும். நீங்கள் சொல்வதை நம்பாமல் போகவும் கூடும். இன்று நீங்கள் எதைச் சொன்னாலும் அதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியும்.”

நீண்டுவிட்டது என்பார்கள். நீளத்தான் செய்யும். மூலத்தின் இரண்டாவது வாக்கியத்துக்குள் இரண்டு காலங்கள் மடிந்து கிடக்கின்றன: இன்றைய கேள்வி, பின்னொரு நாளின் வழக்கு. அந்த மடிப்பைப் பிரித்து, நடக்கும் வரிசையில் வைத்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். ‘விசாரணை’யைத் தவிர்த்ததும் இதனால்தான், தமிழில் அது பொலிஸ் கேட்பதையும் குறிக்கும், கோர்ட்டில் நடப்பதையும் குறிக்கும். ‘-லாம்’ அனுமதியாகவும் ஒலிக்கும் என்பதால் ‘கூடும்’, ‘முடியும்’ என்று பிரித்தேன். ‘நீ’ போடாததற்குக் காரணம், பொலிஸ் வாயிலிருந்து அது அதட்டலாகவே கேட்கும்.

சட்டத்தரணியைக் கேளுங்கள் என்று இதற்குள்ளேயே ஒரு வரி சேர்க்கச் சிலர் சொல்வார்கள். பொலிஸ் நிலையத்தில் அந்த உதவி இலவசம். கட்டாயம் சொல்லப்பட வேண்டியதும்தான். ஆனால் அது தனி உரிமை, தனியாகச் சொல்லட்டும். மூலத்தில் இல்லாததை நுழைப்பது நம் வேலையல்ல.

தூய்மைவாதிகளுக்கு ஒரு செய்தி: எச்சரிக்கை ஒருவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், அதைத் தன் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும் என்று பொலிஸுக்கான நடைமுறைக் கோவையே சொல்கிறது. ஆங்கிலக்காரனுக்குத் தன் சட்ட வாக்கியத்தின் மேல் இல்லாத பக்தி நமக்கு ஏன் அதன் மொழிபெயர்ப்பின் மேல்?

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ‘விளங்கிச்சா?’ என்று கேட்டுப் பயனில்லை. எந்தப் பிள்ளையும் ஓம் என்றுதான் தலையாட்டும். ஒரு கதையைக் கொடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் எங்கே இருந்தாய் என்று பொலிஸ் கேட்கிறது, ஒரு பையன் பதில் சொல்லவில்லை. மாதங்கள் கழித்துக் கோர்ட்டில், மாமா வீட்டில் இருந்தேன் என்கிறான். அவன் பேசாமல் இருந்தது குற்றமா? மாமா வீட்டுக் கதையைக் கோர்ட் கட்டாயம் நம்பாதா? முதலாவதுக்கும் இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை என்று பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும். ஒன்றில் தடுமாறினால், பந்தியை மறுபடி எழுத வேண்டும்.